பூஜ்ஜியத்துக்கு இந்தப் பக்கம்

பிரிட்டனில் 2007-இல் 'கூல் கேஷ்' என்று ஒரு சுரண்டல் லாட்டரிச் சீட்டு விற்பனைக்கு வந்தது. சீட்டில் ஒரு வெப்பநிலை அச்சிட்டிருக்கும். சுரண்டிப் பார்த்தால் வேறு சில வெப்பநிலைகள் தெரியும். அவை அச்சிட்டதைவிடக் குறைவாக இருந்தால் பரிசு. குளிர்காலத்தை வைத்துச் செய்த சீட்டு என்பதால் எண்களில் பல பூஜ்ஜியத்துக்குக் கீழே போயின. சீட்டில் −8 இருக்க, சுரண்டியதில் −6, −7 வந்தவர்கள் பரிசு விழுந்துவிட்டது என்று கடையில் போய் நின்றார்கள். ஆறும் ஏழும் எட்டைவிடக் குறைவுதானே என்பது அவர்கள் வாதம். கடைக்காரர் இல்லை என்றார், புகார்கள் குவிந்தன. லாட்டரியை நடத்திய கேமலாட் நிறுவனம் சில நாட்களிலேயே சீட்டைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

நமக்குச் சிரிப்பு வரலாம். ஆனால் நம் ஊரில் ஆறாம் வகுப்பில் 'முழுக்கள்' பாடம் தொடங்குகிற அன்று −6, −8 இரண்டையும் கரும்பலகையில் எழுதி, எது பெரியது என்று கேட்டால் வகுப்பின் பெரும்பகுதி −8 என்றுதான் கத்தும். அதில் பிள்ளைகளின் குற்றம் எதுவும் இல்லை. ஐந்து வயதிலிருந்து எட்டு என்பது ஆறைவிடப் பெரியது என்று சொல்லிச் சொல்லி வளர்த்திருக்கிறோம். இன்றைக்குத் திடீரென்று அதன் முன்னால் ஒரு சின்னக் கோட்டைப் போட்டு, இனிமேல் எல்லாம் தலைகீழ் என்கிறோம். பிள்ளையின் கண் எட்டைப் பார்க்கிறது, கோட்டைப் பார்ப்பதில்லை.

இந்தக் குழப்பம் தெளிவதற்குள் அடுத்தது வந்துவிடும். 'மைனஸும் மைனஸும் சேர்ந்தா பிளஸ்' என்று யாராவது, பெரும்பாலும் டியூஷனிலோ வீட்டிலோ, சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். அது பெருக்கலுக்கான விதி. அதைப் பிடித்துக்கொண்ட பிள்ளை −3 − 2 என்ற கணக்கைப் பார்த்ததும் இரண்டு மைனஸ் இருக்கிறதே என்று +5 போடும். கணக்கு ஆசிரியர்களைக் கேட்டால், விடைத்தாளில் அதிகம் கண்ட தவறுகளில் இதுவும் ஒன்று என்பார்கள். இந்த விதியை ஆறாம் வகுப்புப் பக்கமே வரவிடக் கூடாது என்பது என் கட்சி.

விதி இல்லாமல் எப்படி நடத்துவது? ஒரு கோடு, ஒரு வெப்பமானி, ஒரு சீட்டாட்டம். நான்கைந்து பிரிவேளைகள் போதும். இவற்றின் வழியாகப் பிள்ளைக்குப் புரிய வேண்டியது ஒன்றுதான். −5 என்பது சில நேரம் ஓர் இடத்தைச் சொல்கிறது, சில நேரம் ஒரு நகர்வைச் சொல்கிறது. வெப்பமானியில் −5 என்று நிற்பது இடம். வெப்பநிலை ஐந்து டிகிரி இறங்கியது என்பது நகர்வு. எழுதும்போது இரண்டும் ஒரே மாதிரி இருப்பதால்தான் சிக்கல். எந்த இடத்தில் எது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்த பிள்ளைக்குக் கூட்டல் கழித்தல் விதிகள் எதையும் மனப்பாடம் செய்ய வேண்டியிருக்காது.

வராண்டாவில் ஒரு கோடு

முதல் நாள் வேலை வகுப்பறைக்கு வெளியே. வராண்டாவில் சாக்பீஸால் நீளமாக ஒரு கோடு. நடுவில் 0. இரண்டு பக்கமும் ஒரு அடிக்கு ஒரு புள்ளியாகப் பத்துப் பத்துப் புள்ளிகள். எண்களை ஆசிரியர் எழுதக் கூடாது, பிள்ளைகளிடம் விட்டுவிட வேண்டும். வலப்பக்கம் 1, 2, 3 என்று சிக்கல் இல்லாமல் எழுதிவிடுவார்கள். இடப்பக்கம்தான் வேடிக்கை. சிலர் கோட்டின் இடக்கோடியிலிருந்து −1, −2, −3 என்று எழுதிக்கொண்டே வந்து, 0-க்குப் பக்கத்தில் −10-ஐ வைப்பார்கள். எழுத்தை இடமிருந்து வலமாக எழுதிப் பழகிய கை அது. உடனே திருத்தாமல் விட்டு, "ஒன்றில் நின்று ஒவ்வொரு அடியாக இடப்பக்கம் நடந்து, எண்ணைச் சொல்லு" என்றால் போதும். ஒன்று, பூஜ்ஜியம், அடுத்து மைனஸ் பத்து என்று சொல்லும்போதே பிள்ளை நின்றுவிடும்.

எண்கள் சரியாக விழுந்த பிறகு ஒவ்வொரு ஜோடி எண்ணுக்கும் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். −3, −8 என்று வைத்துக்கொள்வோம். பூஜ்ஜியத்திலிருந்து எது தள்ளி இருக்கிறது? −8. எது வலப்பக்கம் இருக்கிறது? −3. வலப்பக்கம் இருப்பதுதான் பெரியது. முதல் கேள்வியைக் கேட்காமல் இரண்டாவதை மட்டும் கேட்டால், பிள்ளை மனதுக்குள் எட்டு பெரியது என்று சொல்லும் குரல் அடங்கவே அடங்காது. அந்தக் குரலும் ஒரு உண்மையைத்தான் சொல்கிறது, −8 பூஜ்ஜியத்திலிருந்து அதிகத் தூரம். அதற்கு உரிய இடத்தைக் கொடுத்துவிட்டால் வேறு இடத்தில் வந்து தொந்தரவு செய்யாது.

இடம் முடிந்தது. இனி நகர்வு. ஆங்கிலேயக் கணித அறிஞர் ஜான் வாலிஸ் 1685-இல் வெளியிட்ட இயற்கணித நூலில் இதே காரியத்தைச் செய்து காட்டினார். ஒரு மனிதன் ஓரிடத்திலிருந்து ஐந்து கெஜம் முன்னால் போய், இரண்டு கெஜம் திரும்பி வந்தால், புறப்பட்ட இடத்திலிருந்து மூன்று கெஜம் முன்னால் இருப்பான். ஐந்து கெஜம் போய் எட்டு கெஜம் திரும்பி வந்தால்? புறப்பட்ட இடத்துக்கு மூன்று கெஜம் பின்னால். அதைத்தான் −3 என்கிறோம் என்றார். பூஜ்ஜியத்தைவிடக் குறைவாக ஒன்று இருக்க முடியுமா என்று படித்தவர்களே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்த காலம் அது. வாலிஸுக்குப் பிறகும் ஐரோப்பாவில் சந்தேகம் தீரவில்லை. இந்தியாவிலோ அவருக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, 628-இல், பிரம்மகுப்தர் இந்த எண்களைச் சொத்து, கடன் என்று பெயரிட்டுக் கூட்டிக் கழிக்க விதிகளே எழுதி வைத்துவிட்டார்.

நம் வராண்டா நடைக்கு விதிகள் எளியவை. கணக்கின் முதல் எண் நிற்கும் இடம், அதற்கு நடக்க வேண்டியதில்லை. நடுவில் உள்ள குறி முகம் எந்தப் பக்கம் என்று சொல்லும். கூட்டல் என்றால் பெரிய எண்கள் இருக்கும் வலப்பக்கம், கழித்தல் என்றால் இடப்பக்கம். இரண்டாவது எண் எப்படி நடப்பது என்று சொல்லும். மிகை எண் என்றால் முகம் பார்த்த திசையில் முன்னோக்கி, குறை எண் என்றால் முகத்தைத் திருப்பாமல் பின்னோக்கி.

2 + (−5) என்றால் 2-இல் நின்று, வலப்பக்கம் பார்த்து, ஐந்து அடி பின்னால் நடக்க வேண்டும். 1, 0, −1, −2, −3. வந்து சேர்ந்த இடம் −3. சற்று முன் +5 போட வைத்த −3 − 2 இப்போது என்ன ஆகிறது? −3-இல் நிற்கிறோம். கழித்தல், ஆகவே முகம் இடப்பக்கம். இரண்டு மிகை எண், ஆகவே முன்னோக்கி இரண்டடி. −5. எந்தப் பிள்ளையும் இங்கே +5-க்குப் போய்ச் சேராது, கால் விடாது. கடைசியாக 2 − (−3). 2-இல் நின்று இடப்பக்கம் திரும்பி, பின்னோக்கி மூன்று அடி. முதுகுப் பக்கமாக நடந்து 5-இல் போய் நிற்கும்போது பிள்ளைகள் முகத்தைப் பார்க்க வேண்டும். கழித்தோம், ஆனால் எண் கூடிவிட்டது.

இங்கே எப்போதும் நடக்கும் தவறு ஒன்று உண்டு. நிற்கும் புள்ளியையே 'ஒன்று' என்று எண்ணிவிடுவது. 2-இல் நின்றுகொண்டு 2, 1, 0, −1, −2 என்று ஐந்து எண்ணி, −2 என்று விடை சொல்வார்கள். விடை எப்போதும் ஒன்று தப்பாக வந்துகொண்டே இருந்தால் அந்தப் பிள்ளைக்குக் குறை எண் புரியவில்லை என்று நினைக்க வேண்டாம். எண்ண வேண்டியது புள்ளிகளை அல்ல, எடுத்து வைக்கிற அடிகளை என்று காட்டினால் சரியாகிவிடும்.

குல்பிக்காரர் பானைக்குள்

எண்கோட்டை நிமிர்த்தி நிறுத்தினால் வெப்பமானி. ஆனால் நம் பிள்ளைகளுக்கு ஒரு குறை இருக்கிறது. பூஜ்ஜியத்துக்குக் கீழே உள்ள குளிரைப் பெரும்பாலானவர்கள் பார்த்ததே இல்லை. டிசம்பர், ஜனவரியில் உதகைப் பக்கம் புல்லில் உறைபனி படியும் செய்தியைப் பேப்பரில் பார்த்திருப்பார்கள், அவ்வளவுதான். லண்டன் பிள்ளைக்கு மைனஸ் இரண்டு டிகிரி என்பது காலையில் பள்ளிக்குப் போகும்போது காதைக் கடிக்கும் விஷயம். மதுரைப் பிள்ளைக்கு அது புத்தகத்தில் வரும் படம்.

அதனால் வகுப்பிலேயே மைனஸை உண்டாக்கிவிட வேண்டியதுதான். குல்பி விற்பவர் பானையில் ஐஸோடு உப்பைக் கலந்து வைத்திருப்பாரே, அதே வித்தை. ஜூஸ் கடையில் கொஞ்சம் ஐஸ் வாங்கி, துணியில் சுற்றித் தட்டி நொறுக்கி, ஒரு எவர்சில்வர் டம்ளரில் போட்டுக்கொள்ள வேண்டும். அறிவியல் ஆய்வகத்திலிருந்து சிவப்புத் திரவம் உள்ள ஆல்கஹால் வெப்பமானி ஒன்று வேண்டும். பாதரச வெப்பமானி கூடாது, உடைந்தால் ஆபத்து. பள்ளிகளில் இருப்பது வழக்கமாக −10-லிருந்து 110 டிகிரி வரை காட்டுவது.

வெப்பமானியை ஐஸில் வைத்ததும் சிவப்புக் கம்பி மளமளவென்று இறங்கி, 0-க்குப் பக்கத்தில் வந்து நின்றுவிடும். எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் அதற்குக் கீழே போகாது. ஐஸ் உருகிக்கொண்டிருக்கிற வரை அங்கேயேதான். பிறகு ஒரு கரண்டி தூள் உப்பைப் போட்டு ஒரு குச்சியால் கிளற வேண்டும், வெப்பமானியால் கிளறினால் அது உடையும். உப்பு, நீர் உறையும் புள்ளியைக் கீழே இறக்கிவிடுகிறது. அதனால் ஐஸ் வேகமாக உருகத் தொடங்கி, அதற்கு வேண்டிய வெப்பத்தைத் தன் கூட இருக்கும் கலவையிலிருந்தே உறிஞ்சிக்கொள்கிறது. கம்பி பூஜ்ஜியத்தைத் தாண்டி இறங்குகிறது. ஈரமான நாளாக இருந்தால் டம்ளரின் வெளிப்பக்கம் வெள்ளையாகப் பூத்துவிடும். உப்பு அதிகமானால் கம்பி −10-ஐயும் தாண்டிப் போய்விடும்.

"சார், இதுக்குக் கீழ கோடே இல்ல!"

"கோடு இல்லன்னா எண்ணும் இல்லையாப்பா?"

"இருக்கு சார். கண்ணாடிக்காரங்க போடல."

இதைவிட நல்ல விடை எனக்குத் தெரிந்து பாடநூலில் இல்லை. இருந்தாலும் அளவுக்குள் நிற்க, உப்பைச் சிறுகச் சிறுகச் சேர்ப்பது நல்லது. மூன்று பங்கு ஐஸுக்கு ஒரு பங்கு உப்பு சேர்த்தால் கலவை −20-க்குப் பக்கத்தில்கூடப் போய்விடும். அந்த டம்ளரைப் பிள்ளைகள் கையில் பிடித்துக்கொண்டிருக்க விடக் கூடாது. தோல் வெந்தது போலப் புண்ணாகிவிடும்.

அளவை வாசிக்கும்போது ஒரு தவறைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம். கண்ணாடியில் 10, 0, −10 என்று பத்துக்குப் பத்துதான் எண் போட்டிருக்கும், நடுவில் டிகிரிக்கு ஒரு கோடு. சிவப்புக் கம்பி −10-க்கு மேலே மூன்றாவது கோட்டில் நிற்கிறது. பிள்ளை என்ன சொல்கிறது? −13. பத்துக்கு மேலே மூன்று, ஆகவே பதின்மூன்று. 10-க்கு மேலே உள்ள பகுதியில் இப்படி வாசித்து வாசித்துச் சரியாகவே வந்துகொண்டிருந்தது, அந்தப் பழக்கம். சரியான விடை −7. இதைச் சொல்லித் திருத்துவதைவிட, 0-லிருந்து கீழே எண்ணி வரச் சொல்வது மேல். −1, −2 என்று இறங்கி வந்தால் −7-இல் கம்பி காத்திருக்கும். பிறகு, −13 உண்மையில் எங்கே இருக்கும் என்று கேட்டால் கண்ணாடியில் கோடு இல்லாத கீழ்ப்பகுதியைக் காட்டுவார்கள்.

இப்போது கரும்பலகையில் வாசிப்புகளை எழுதுவோம். தோராயமாக இப்படி வரும் என்று வைத்துக்கொள்ளலாம். ஐஸ் மட்டும் இருந்தபோது 0. ஒரு கரண்டி உப்புக்குப் பிறகு −4. இரண்டாவது கரண்டிக்குப் பிறகு −7. ஓரமாக வைத்துவிட்டு அடுத்த பிரிவேளையில் வந்து பார்த்தால் −2. இவை எல்லாம் இடங்கள். ஒவ்வொரு வாசிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஒரு நகர்வு இருக்கிறது. நகர்வைக் கண்டுபிடிக்க, பிந்திய வாசிப்பிலிருந்து முந்தியதைக் கழிக்க வேண்டும். −4-லிருந்து −7-க்குப் போனது எவ்வளவு? (−7) − (−4). கம்பியைப் பார்த்த பிள்ளைக்கு அது மூன்று டிகிரி இறங்கியது என்று தெரியும், ஆகவே −3. அடுத்தது (−2) − (−7). கம்பி ஐந்து டிகிரி ஏறியது, ஆகவே +5.

அந்தக் கடைசிக் கணக்கைக் கவனியுங்கள். குறை எண்ணிலிருந்து குறை எண்ணைக் கழித்து மிகை எண் வந்திருக்கிறது. வெறும் குறிகளாகக் கொடுத்தால் பிள்ளைகள் மிரளும் கணக்கு இது. இங்கே விடை முதலிலேயே கண்ணுக்குத் தெரிந்துவிட்டது, குறிகள் அதற்குப் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டன.

ஆய்வகம் இல்லாத பள்ளி என்றால் ஊர்களின் வெப்பநிலை போதும். லடாக்கில் உள்ள லே நகரில் ஜனவரி மாதப் பகலில் வெப்பநிலை சராசரியாக −2 டிகிரி அளவுக்கு ஏறும், இரவில் −14 அளவுக்கு இறங்கும். அதே மாதத்தில் சென்னையில் பகலில் 29, இரவில் 21 என்று வைத்துக்கொள்ளலாம். பகலுக்கும் இரவுக்கும் அதிக வித்தியாசம் எந்த ஊரில்? சென்னை 8. லே, (−2) − (−14), அதாவது 12. சென்னை இரவுக்கும் லே இரவுக்கும் வித்தியாசம் எவ்வளவு என்று கேட்டால் 21-லிருந்து 14-ஐக் கழித்து 7 என்று சொல்லும் பிள்ளைகள் இருப்பார்கள். ஏழு டிகிரிதான் வித்தியாசம் என்றால் லேயில் 14 டிகிரிக் குளிர், கொடைக்கானலுக்குப் போகிற மாதிரி ஒரு ஸ்வெட்டரோடு கிளம்பலாம். கோட்டில் பார்த்தால், −14-லிருந்து பூஜ்ஜியத்துக்கு வரவே பதினான்கு அடி, அங்கிருந்து 21-க்கு இன்னும் இருபத்தொன்று. ஆக 35. பூஜ்ஜியத்தைத் தாண்டும்போதெல்லாம் பூஜ்ஜியத்தில் ஒரு முறை இறங்கி ஏறுவது நல்ல பழக்கம்.

'பூஜ்ஜியம் என்றால் ஒன்றும் இல்லை, அதற்குக் கீழே எப்படி?' என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். வெப்பநிலை இதற்கு நல்ல பதில் வைத்திருக்கிறது. பூஜ்ஜியம் டிகிரி என்றால் வெப்பமே இல்லை என்று பொருளல்ல, நீர் உறையும் இடம், அவ்வளவே. அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தது மனிதர்கள். ஸ்வீடன் நாட்டு ஆண்டர்ஸ் செல்சியஸ் 1742-இல் தன் அளவை முன்வைத்தபோது நீர் கொதிப்பதை 0 என்றும் உறைவதை 100 என்றும்தான் வைத்தார். அவர் காலத்துக்குப் பிறகு அது தலைகீழாக மாற்றப்பட்டது. ஆக மைனஸ் என்பது பூஜ்ஜியம் என்று குறித்துக்கொண்ட இடத்துக்கு அந்தப் பக்கம். உலகில் தரையில் அளந்து பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை −89.2 டிகிரி, அண்டார்க்டிகாவின் வோஸ்டோக் ஆய்வு நிலையத்தில், 1983 ஜூலை 21 அன்று. இன்னும் கீழே போய்க்கொண்டே இருக்கலாமா என்றால், முடியாது. −273.15-இல் வெப்பநிலைக்கு அடித்தளம் வந்துவிடும். எண்கோட்டுக்குத்தான் இடக்கோடி கிடையாது.

குறை எண்ணைக் கடன் என்று சொல்லித் தொடங்கும் வழக்கம் நம்மிடம் நிறைய உண்டு. பெரியது சிறியது பார்க்கும் கட்டத்தில் அதை நான் தவிர்ப்பேன். ஐந்நூறு ரூபாய்க் கடன் நூறு ரூபாய்க் கடனைவிடப் பெரிய கடன்தானே! பிள்ளையின் பழைய தவறுக்கு அது துணைக்கு வந்து நிற்கும். வெப்பநிலைக்கும் குறை உண்டு. ஒரு ஊரின் வெப்பநிலையையும் இன்னொரு ஊரின் வெப்பநிலையையும் கூட்டினால் அதற்கு எந்தப் பொருளும் இல்லை. ஒரு வாசிப்போடு ஒரு மாற்றத்தைத்தான் கூட்ட முடியும். '21 டிகிரியும் −14 டிகிரியும் சேர்ந்தால் எவ்வளவு' என்று பயிற்சித்தாளில் கேட்டால், இவ்வளவு பாடுபட்டுப் பிரித்த இடத்தையும் நகர்வையும் நாமே மறுபடி கலந்துவிடுகிறோம்.

இருபது சீட்டும் ஒரு நாணயமும்

பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி இருபது சீட்டுகள். 1-லிருந்து 5 வரை மிகை எண்கள், −1-லிருந்து −5 வரை குறை எண்கள், ஒவ்வொன்றும் இரண்டு முறை. ஒரு தாளில் −10-லிருந்து 10 வரை எண்கோடு. ஆளுக்கு ஒரு காய், புளியங்கொட்டையோ சட்டைப் பொத்தானோ. ஒரு ரூபாய் நாணயம் ஒன்று. இரண்டு பேர் ஆடும் ஆட்டம்.

இரண்டு காய்களும் −10-இல் தொடங்கும். முதலில் 10-ஐத் தொடுபவரோ தாண்டுபவரோ வென்றவர். சீட்டைக் குலுக்கி ஆளுக்கு நான்கு. தன் முறை வந்ததும் நாணயத்தைச் சுண்ட வேண்டும். தலை விழுந்தால் கூட்ட வேண்டும், பூ விழுந்தால் கழிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் கையிலிருந்து ஒரு சீட்டைத் தேர்ந்தெடுத்து இறக்குவது. காயை நகர்த்தும் முன் எங்கே போய் நிற்கும் என்று வாய்விட்டுச் சொல்லி, கணக்கை நோட்டில் எழுத வேண்டும். தப்பு என்று எதிராளி கண்டுபிடித்துவிட்டால் காய் நகராது, அந்த முறை போச்சு. ஆடிய சீட்டுக்குப் பதில் கட்டிலிருந்து ஒன்று எடுத்துக்கொள்ளலாம்.

தாயமோ பாம்புக் கட்டமோ போல இதில் உருட்டியது விழுந்தபடி நகர்வதில்லை. நாணயம் பாதியைத் தீர்மானிக்கிறது, மீதியை ஆடுபவர். ஒரு சிறுமியின் ஆட்டத்தைப் பார்ப்போம். காய் −10-இல். கையில் 5, 2, −3, −5. நாணயம் பூ, ஆகவே கழிக்க வேண்டும். புதிதாக ஆடும் பிள்ளை ஐந்து பெரிய எண்ணாயிற்றே என்று 5-ஐ இறக்கும். −10-லிருந்து 5-ஐக் கழித்தால் −15. காய் தாளை விட்டே வெளியே போய்விடும்! (கோட்டுக்கு வெளியே போனால் −10-லேயே நிற்கட்டும் என்பது நாங்கள் வைத்த சலுகை.) இந்தச் சிறுமி யோசித்து −5-ஐ இறக்குகிறாள். −10 − (−5) = −5. ஐந்து அடி முன்னேற்றம். எடுத்த புதுச் சீட்டு −1.

அடுத்து தலை. இப்போது கூட்டல், 5-ஐ இறக்குகிறாள். −5 + 5 = 0. புதுச் சீட்டு −4. மறுபடி தலை. கையில் மிகை எண் 2 ஒன்றுதான், இறக்கினால் காய் 2-இல். எடுத்தது −2. இப்போது கையைப் பாருங்கள், −1, −2, −3, −4. நான்கும் குறை எண்கள். நாணயம் வேண்டுமென்றே செய்வது போலத் தலையில் விழுகிறது. எதை இறக்கினாலும் பின்னால்தான் போக வேண்டும். எதில் நட்டம் குறைவு? −1. ஆக 2 + (−1) = 1. எடுத்தது 3.

பிறகு பூ. இப்போது அந்தக் குறை எண்கள் எல்லாம் பொக்கிஷம். 1 − (−4) = 5. அடுத்தும் பூ. 5 − (−3) = 8. மூன்றாவதும் பூ. கையில் −2 இருக்கிறது. 8 − (−2) = 10. ஆட்டம் முடிந்தது, ஏழே முறையில்.

இந்த ஆட்டத்தைச் சில தடவை ஆடியவுடன் பிள்ளைகள் பேசிக்கொள்வது மாறும். முதலில் குறை எண் சீட்டு வந்தாலே முகம் சுளித்தவர்கள், "பூ விழட்டும், பூ விழட்டும்" என்று வேண்டிக்கொள்வார்கள். கையில் மிகை எண்ணும் குறை எண்ணும் கலந்து இருப்பதே நல்லது, எது விழுந்தாலும் சமாளிக்கலாம் என்று கண்டுபிடிப்பார்கள். −4-ஐக் கழிப்பதும் 4-ஐக் கூட்டுவதும் காயை ஒரே இடத்துக்குத்தான் கொண்டுபோகின்றன என்று யாராவது ஒருவர் சொல்லாமல் இருக்க மாட்டார். அப்போது அதைக் கரும்பலகையில் எழுதிக்கொள்ளலாம். அவர்கள் சொல்வதற்கு முன் எழுதினால் இன்னொரு மனப்பாட விதியாகிவிடும்.

−10-இல் தொடங்க வைத்ததற்குக் காரணம் உண்டு. ஆடுபவர் ஒவ்வொருவரும் பூஜ்ஜியத்தைத் தாண்டித்தான் ஆக வேண்டும், தவறுகள் அதிகம் நடக்கும் இடம் அது. −2-இல் இருக்கும் காயோடு 5-ஐக் கூட்டச் சொன்னால் 7 என்பார்கள், அல்லது −7 என்பார்கள். எதிராளி விட மாட்டான். ஆசிரியர் திருத்துவதைவிட அது சீக்கிரம் மண்டையில் ஏறும். ஆசிரியர் செய்ய வேண்டியது, ஆட்டம் முடிந்ததும் நோட்டுகளை வாங்கிப் பார்ப்பது. காய் சரியாக நகர்ந்து, எழுதியது மட்டும் தப்பாக இருக்கும் பிள்ளைகள் சிலர் உண்டு. 5 − (−3) என்பதை 5 − 3 = 8 என்று எழுதியிருப்பார்கள். அவர்களுக்கு நகர்வு புரிந்துவிட்டது, அடைப்புக்குறியின் வேலைதான் புரியவில்லை. சீட்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதை அப்படியே அடைப்புக்குறிக்குள் எழுது என்று சொன்னால் போதும். விடையும் தப்பு, காயும் தப்பு என்றால் வராண்டாவுக்கே திரும்பிப் போக வேண்டும்.

பாடம் பிடிபட்டதா என்று பார்க்க நீளமான தேர்வு வேண்டாம். எண்கோட்டில் −2.5 எங்கே என்று கேட்டுப் பார்க்கலாம். இன்னும் வெறும் 2.5-ஐப் பார்த்துவிட்டு மைனஸை ஒட்டவைக்கும் பிள்ளை, அதை −2-க்கும் −1-க்கும் நடுவில் வைக்கும், இரண்டுக்கு வலப்பக்கம் அரை என்று. அது −2-க்கும் −3-க்கும் நடுவில் இருக்க வேண்டும். இன்னொரு கேள்வி, −3 டிகிரியில் இருந்த வெப்பநிலை இரண்டு டிகிரி குறைந்தால் எவ்வளவு? −1 என்று வந்தால் இடமும் நகர்வும் இன்னும் கலந்தே இருக்கின்றன.

வராண்டா நடை, வெப்பமானி, சீட்டாட்டம் எல்லாமே கூட்டல் கழித்தலோடு நின்றுவிடும். −3 முறை −2 அடி நடப்பது எப்படி என்று கேட்டால் கோட்டில் இழுத்துப் பிடித்து ஏதாவது காட்டலாம், ஆனால் அது பிள்ளைக்கு ஒட்டாது. ஏழாம் வகுப்பில் பெருக்கல் வரும்போது வேறு வழிதான். 3 × (−2) = −6, 2 × (−2) = −4, 1 × (−2) = −2, 0 × (−2) = 0 என்று வரிசையாக எழுதிக்கொண்டு போய், ஒவ்வொரு வரிக்கும் விடை இரண்டு இரண்டாக ஏறுகிறதே, அடுத்த வரியில் (−1) × (−2) என்னவாக இருக்கும் என்று கேட்க வேண்டும்.